இங்கு அமரலாமா?: இசைவு வேண்டும் வினாவின் இலக்கணம்

பேருந்திலோ, படிப்பகத்திலோ, திருமணப் பந்தியிலோ நாம் அறியாத ஒருவரின் அருகில் வெற்றிடம் காண்கிறோம். அதில் அமருமுன் ஒரு சிறு வினாவை எழுப்புகிறோம். பெரும்பாலும் விடை தெரிந்தே அவ்வினா எழுகிறது. வினவி முடிக்குமுன்னரே பாதி அமர்ந்தும் விடுகிறோம். ஆயினும் வினவாது அமர்ந்தவரை நாகரிகம் அறியாதவர் என்று கருதும் வழக்கம் உண்டு. விடையை நாடாத இவ்வினா எதனைத்தான் நாடுகிறது? அதனை மொழிகள் எவ்வாறு மென்மையாகச் சொல்லமைக்கின்றன? இவ்விரண்டையும் தமிழ் வழக்கை அடிப்படையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என அறுவகைப்படுத்துவது நன்னூலார் கொள்கை. ‘இங்கு அமரலாமா?’ என்பது தோற்றத்தால் அறியா வினாவை ஒத்தது. ஆனால் வினவுவோன் அறிந்துகொள்ள விரும்புவது ஏதுமில்லை. அவன் பெற விரும்புவது ஓர் இசைவு. வணிகரிடம் பயறு உண்டா என வினவுவோன் பயற்றின் இருப்பை அறிய விரும்பாது பயற்றையே கொள்ள விரும்புதல் போல்வது இது. ஆதலின் இதனைக் கொளல் வினாவின்பாற் படுத்துதல் பொருந்தும். கொள்ளப்படுவது பொருளன்று, இசைவு என்பதே வேறுபாடு. இசைவைக் கொடுப்பவர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் யார் என்னும் வினாவில்தான் இச்சிறு தொடரின் நுட்பம் அனைத்தும் அடங்கியுள்ளது. தமிழில் இவ்வினா மூன்று வகையாக அமைகிறது என்பதும், மூன்றும் அவ்விடத்தின் உரிமையை மூன்று வெவ்வேறு கைகளில் வைக்கின்றன என்பதும் நம் கருத்து.

1. தகுதியை வினவுதல்

முதல் வகை ‘அமரலாமா?’ என்பது. ‘அமரல்’ என்னும் தொழிற்பெயரும் ‘ஆகும்’ என்பதன் இடைக்குறையாகிய ‘ஆம்’ என்பதும் சேர்ந்து ‘அமரலாம்’ என்றாயிற்று. அமர்தல் ஆகும், அஃதாவது அமர்தல் கூடும், தகும் என்பது இதன் பொருள். வினா எழுத்தாகிய ஆகாரம் இறுதியில் சேரும்பொழுது ‘அமர்தல் தகுமா?’ என்னும் பொருள் பிறக்கிறது. இதில் கேட்போரைச் சுட்டும் உறுப்பு எதுவும் இல்லை என்பதை நோக்குதல் வேண்டும். வினா ஒரு செயலின் தகுதியைப் பற்றியது. விடை கூறுவோர் அத்தகுதியை அறிந்தவர் என்னும் அளவிலேயே நிற்கிறார்.

இதனை மெய்ப்பிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. தேர்வு மண்டபத்தில் மாணவன் ஒருவன் மேற்பார்வையாளரை நோக்கி, ‘அகராதியைப் பார்த்து எழுதலாமா?’ என்று வினவுகிறான். அவர் விதியை எடுத்துரைக்கிறார். அவன் ‘பார்த்து எழுதட்டுமா?’ என்று வினவினால் பொருள் மாறிவிடுகிறது. விதி ஒருபுறம் இருக்க, மேற்பார்வையாளர் தம் விருப்பத்தால் இணங்குவாரா என்று கேட்பதாகும் அது. முன்னது விதியை வினவுகிறது. பின்னது மனிதரை வினவுகிறது.

தகுதியை வினவும் இவ்வமைப்புத் தமிழுக்கே உரியதன்று. தெலுங்கில் ‘கூர்ச்சோவச்சா’ என்பர். அதில் வரும் ‘வச்சு’ என்பது வருதலைக் குறிக்கும் வினை. கன்னடத்தில் ‘குளிதுகொள்ளபஹுதே’ என்பர்; ‘பஹுது’ என்பதும் வருதற்பொருள் வினையினின்று பிறந்ததே. தமிழ் ஆதல் வினையைக் கொள்ள, அவ்விரு மொழிகளும் வருதல் வினையைக் கொண்டன. மூன்றிலும் செயலே எழுவாயின் நிலையில் நிற்க, இசைவு தரும் மனிதர் தொடரின் புறத்தே நிற்கிறார். யாழ்ப்பாணத் தமிழில் ‘இதிலை இருக்கலாமோ?’ என ஓகார வினாவும் இருத்தல் வினையும் வருதல் உண்டு. எனினும் அமைப்பு ஒன்றே.

தகுதியை வினவுவதனால் இவ்வடிவிற்கு வேறொரு முகமும் உண்டு. தன்மையில் மென்மையாக ஒலிக்கும் இது முன்னிலையில் கடிந்துரையாகிறது. ‘நான் இங்கே அமரலாமா?’ என்பது பணிவு. ‘நீங்கள் இங்கே அமரலாமா?’ என்பது இடித்துரை. ‘இப்படிச் செய்யலாமா?’ என்று தாய் மகனைக் கேட்கும்பொழுது அவள் இசைவு வேண்டவில்லை. செயல் தகாது என்பதை உணர்த்துகிறாள். ஒரே வடிவம் பணிவும் கண்டனமும் ஆவதை முரண் எனக் கருதுதல் வேண்டா. இரண்டிலும் வினவப்படுவது தகுதியே. தன் செயலின் தகுதியைப் பிறரிடம் வினவுவது பணிவாகும். பிறர் செயலின் தகுதியை அவரிடமே வினவுவது கண்டனமாகும்.

இவ்வடிவில் மயக்கம் ஒன்றும் நேர்வதுண்டு. உடன் நடந்துவரும் நண்பரிடம் ‘சற்று அமரலாமா?’ என்றால் அஃது இசைவு வேண்டலன்று. இருவரும் அமர்வோம் என்னும் அழைப்பு. ஏற்கெனவே அமர்ந்திருக்கும் ஒருவரிடம் கூறும்பொழுதே அது வேண்டலாகிறது. எழுவாய் வெளிப்படாமையால் ‘நான்’, ‘நாம்’ என்னும் இரண்டனுள் எது என்பதைச் சூழலே முடிவு செய்கிறது. நாடக உரையாடல்களைப் படிக்கும்பொழுதும் மொழிபெயர்க்கும்பொழுதும் இதனைக் கருத்திற் கொள்ளாதவிடத்துப் பொருள் பிறழும்.

2. விருப்பத்தை வினவுதல்

இரண்டாம் வகை ‘அமரட்டுமா?’ என்பது. ‘அமர ஒட்டும்’ என்னும் தொடர் மருவி ‘அமரட்டும்’ என்றாயிற்று என்பர். ஒட்டுதல் என்பதற்கு இசைதல், உடன்படுதல் என்னும் பொருள்கள் உண்டு. ‘போகவொட்டாமல் தடுத்தான்’ என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் தெளிவாக நிற்கிறது. எனவே, இசைவு என்னும் கருத்து இவ்வடிவின் வேரிலேயே உள்ளது. முன்னைய வடிவில் சொல்லின் புறத்தே நின்ற மனிதர் இதில் சொல்லின் அகத்தே வந்துவிடுகிறார். மலையாளத்தின் ‘இரிக்கட்டே?’ என்பதும் இவ்வகையினதே.

‘அவர் அமரட்டும்’ என்பது படர்க்கையார் பொருட்டுத் தரும் இசைவு. அதனைத் தன்மையில் வினாவாக்கினால் ‘நான் அமரட்டுமா?’ என இசைவு வேண்டலாகிறது. முன்னிலையில் இவ்வடிவம் வாராது, ‘நீங்கள் அமரட்டுமா?’ என எவரும் கூறுவதில்லை. இசைவு தருபவரும் பெறுபவரும் ஒருவராக இருத்தல் இயலாது என்பதே காரணம் எனலாம். ஆதலின், முன்னைய வடிவம் போல இது முன்னிலைக் கண்டனமாக மாறுவதில்லை. ஆனால் தன்மையிலேயே அச்சுறுத்தலாக மாறுதல் உண்டு. ‘அப்பாவிடம் சொல்லட்டுமா?’ என்று அண்ணன் தம்பியை வினவுவது இசைவு வேண்டியன்று. கேட்போர் ஒருபொழுதும் இசையாத ஒன்றற்கு அவர் இசைவை வேண்டுவதுபோல் காட்டுவதே அச்சத்தை உண்டாக்குகிறது.

‘அமரட்டுமா?’ என்று வினவுவோன் இடத்தின் உரிமையைக் கேட்போரிடம் ஒப்படைத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்த விருந்தினர், ஆசிரியரின் அறைக்குள் வந்த மாணவர், நோயாளியின் கட்டிலருகே நிற்கும் உறவினர் ஆகியோர் வாயில் இது பொருந்தி நிற்கிறது; அங்கெல்லாம் இடம் உண்மையிலேயே கேட்போருக்கு உரியது. பொதுப் பேருந்தில் பயணச் சீட்டு வாங்கிய இருவரிடையே இவ்வடிவம் அருகியே வழங்குவதன் காரணமும் இதுவே. அங்கே ஒருவருக்கு உள்ள உரிமைக்கு மேல் மற்றவருக்கு இல்லை.

3. நிலைமையை வினவுதல்

அவ்வாறாயின் பேருந்தில் தமிழர் எவ்வாறு வினவுகின்றனர்? செவியால் கேட்கும் வழக்கை நோக்கினால், அங்கே இசைவு வேண்டும் வடிவம் இரண்டினும் மிகுதியாக வேறொன்று வழங்குதலைக் காணலாம். இருவர் அமரும் இருக்கையில் சாளரத்தை ஒட்டி ஒருவர் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு துணிப்பை இருக்கிறது. புதிதாக ஏறியவர், ‘இங்க ஆள் வருதா?’ என்று வினவுகிறார். ‘இல்ல, உக்காருங்க’ என்று அவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார். அல்லது, ‘வராங்க, டீ குடிக்க இறங்கியிருக்காங்க’ என்கிறார், வந்தவர் அப்பால் நடக்கிறார்.

இதில் அமர்தல் என்னும் வினையே இல்லை. இசைவும் இல்லை, தகுதியும் இல்லை. ஒரு செய்தி மட்டுமே வினவப்படுகிறது. வேறொருவர் முன்பே அவ்விடத்தைக் கொண்டுள்ளாரா என்பதே அச்செய்தி. இல்லையெனில் அமரும் உரிமை வினவுவோனுக்குத் தானே உண்டு. அதனை எவரும் வழங்க வேண்டுவதில்லை. இருக்கையின்மேல் துண்டோ கைக்குட்டையோ கிடந்தால், ‘இது யாரு துண்டு?’ என்று வினவுவதும் இதன் வேறு வடிவமே. சாளரத்தின் வழியே துண்டை எறிந்து இடம் பிடிக்கும் வழக்கம், முற்பட்டுக் கொண்டவருக்கே இடம் என்னும் எழுதாத விதியின் அடையாளம். வினாவும் அவ்விதியையே தழுவி அமைகிறது.

செருமானியர் இதே சூழலில் இன்னும் இங்கு ஒழிவாக உள்ளதா என்னும் பொருள்பட ‘இஸ்ட் ஹியர் நொஹ் ஃப்ரை’ என்று வினவுவர். ஆங்கிலேயரும் இவ்விருக்கை எடுத்துக்கொள்ளப்பட்டதா என்று வினவுதல் உண்டு. நிலைமையை வினவி இசைவைப் பெறும் இம்முறை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதன்று. உரிமை சமமாக உள்ள பொதுவிடம் தோன்றும் இடமெல்லாம் தோன்றக்கூடியது எனக் கொள்ளலாம்.

இம்முறையின் மென்மை கேட்போருக்கே மிகுதியாகப் பயன்படுகிறது. ‘அமரலாமா?’ என்பதற்கு மறுப்புக் கூற வேண்டுமாயின் ‘கூடாது’ என்றல் வேண்டும், அது கடுஞ்சொல். ‘ஆள் வருதா?’ என்பதற்கு ‘வராங்க’ என்றாலே போதும். மறுப்பவர் தம் விருப்பத்தால் மறுத்தவர் ஆகார். ஒரு செய்தியைக் கூறியவரே ஆவார். பொய்யாக அவ்வாறு கூறுவோரும் உளர். வண்டி புறப்பட்ட பின்னும் ஆள் வாராமையால் அப்பொய் வெளிப்படும். அதனால் உண்டாகும் சினம், இசைவு மறுக்கப்பட்டதனால் எழுந்ததன்று. செய்தி பொய்த்ததனால் எழுந்தது.

4. விடையின் இயல்பு

வினாவின் பொருளை விடையே உறுதிப்படுத்தும். நன்னூலார் விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகப் பகுத்தார். முதல் மூன்றும் நேரே விடையாவன. எஞ்சியவை விடையைக் குறிப்பாற் பயப்பன. ‘இங்கு அமரலாமா?’ என்னும் வினாவுக்கு இவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால் சுவையான உண்மை ஒன்று புலனாகும்.

மறுக்க நேரும்பொழுது நம்மவர் மறை விடையை அரிதாகவே ஆள்கின்றனர். ‘காலை நீட்டி வைத்திருக்கிறேன், வீக்கம்’ என்பது உற்றது உரைத்தல். ‘அந்தப் பக்கம் வெயில் அடிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘பின்னால் இடம் இருக்கிறதே’ என்பது இனமொழி. இம்மூன்றும் இசைவின்மையைக் குறிப்பால் உணர்த்துகின்றன. இவற்றுள் வெயிலைப் பற்றிய விடை ஐயத்திற்கு இடமானது. மறுப்பாகவும் இருக்கலாம், உண்மையான அக்கறையாகவும் இருக்கலாம். வந்தவர் ‘பரவாயில்லை’ என்று கூறி அமர்ந்த பிறகு மற்றவர் முகத்தை நோக்கினால்தான் எதுவென்பது விளங்கும்.

இசைவு தரும்பொழுது வருவது ஏவல் விடை. ‘அமரலாமா?’ என்றதற்கு ‘அமரலாம்’ என நேர் விடை கூறுவோர் குறைவு. கூறினால், விதியை அறிவிக்கும் அதிகாரியின் குரல் அதில் ஒலிக்கும். ‘உட்காருங்கள்’ என்பதே இயல்பான விடை. ஆனால் இலக்கண நூல்களில் ஏவல் விடைக்குத் தரும் விளக்கமோ இதற்கு மாறானது. ‘இது செய்வாயா?’ என்று ஒருவன் வினவ, மற்றவன் ‘நீயே செய்’ என்பான். அவ்வேவல் மறுப்பைப் பயக்கும். அங்கே மறுப்பாகும் ஏவல் ஈண்டு முழு உடன்பாடாவது எதனால்?

வினவப்பட்ட செயல் யாருடையது என்பதே காரணம். ‘செய்வாயா?’ என்பதில் செயல் கேட்போனுடையது. ஏவல் அச்செயலை வினவியவன்மேலேயே திருப்பி எறிகிறது. ‘அமரலாமா?’ என்பதில் செயல் வினவுவோனுடையது. ஏவல் அச்செயலை அவனிடமே உறுதிப்படுத்துகிறது. அவன் தயங்கி வேண்டியதனை மற்றவர் தம் வேண்டுகோளாகவே ஆக்கிவிடுகிறார். இசைவு தந்தேன் என்னும் உயர்நிலையையும் துறந்துவிடுகிறார். இசைவு வேண்டும் வினாவில் வினவுவோன் தன்னைத் தாழ்த்துகிறான். ஏவல் விடையில் அத்தாழ்வு ஈடுசெய்யப்படுகிறது. எனவே, ஏவல் விடை பற்றிய விளக்கத்தில் கொளல் வினாவின் பின் வரும் உடன்பாட்டு ஏவலையும் சேர்த்துக் கூறுதல் நலம் எனக் கருதுகிறோம்.

5. மொழிபெயர்ப்பில் நேரும் பிழை

ஆங்கிலேயர் இச்சூழலில் பெரிதும் ஆள்வது ‘டு யூ மைண்ட்’ எனத் தொடங்கும் வினா. அதில் வரும் ‘மைண்ட்’ என்னும் வினைக்கு மனத்தால் தடையுறுதல், பொருட்படுத்தி வருந்துதல் என்பது பொருள். இவ்வினா விதியையோ விருப்பத்தையோ நிலைமையையோ வினவவில்லை; என் செயலால் உமக்கு வருத்தம் உண்டாகுமா என்பதனை வினவுகிறது. ஆதலின் ‘நோ’ என்பதே இசைவு. ‘யெஸ்’ என்பது மறுப்பு. தமிழ் மாணவர் பலர் ‘யெஸ், யெஸ்’ என்று அன்புடன் விடை கூறுவர். கையசைவையும் முகமலர்ச்சியையும் கண்டு வினவியவர் அமர்ந்துகொள்கிறார். தொலைபேசியிலோ கடிதத்திலோ அத்துணை இல்லாமையால் பொருள் தலைகீழாகிவிடும். ஆங்கிலேயரே கூடச் சொல்லின் நேர்ப்பொருளை மறந்து ‘ஷ்யூர்’ என்று விடையிறுத்தல் உண்டு. அஃது உள்ளுறைந்த வேண்டலுக்குத் தரும் விடை.

இத்தொடரைச் ‘நான் அமர்ந்தால் நீங்கள் பொருட்படுத்துவீர்களா?’ என்று மொழிபெயர்ப்போர் உளர். தமிழில் அவ்வாறு எவரும் வினவுவதில்லை என்பது ஒரு குறை. அது சண்டைக்கு அழைப்பதுபோல் ஒலிப்பது பெருங்குறை. இதற்கு நெருங்கிய தமிழ் வழக்கு ‘உட்கார்ந்தால் பரவாயில்லையா?’ என்பதாம். ‘பர்வா’ என்பது பாரசீகத்தினின்று இந்துத்தானியின் வழி வந்த சொல். கவலை, பொருட்படுத்தல் என்பது அதன் பொருள். எனவே வேர்ப்பொருளால் இது ‘மைண்ட்’ என்பதனோடு பெரிதும் ஒக்கிறது. ஆயினும் தமிழில் ‘பரவாயில்லை’ என்பது பிரிக்கவியலாத ஒரு சொல்லாக இறுகிவிட்டது. ‘பரவாயுண்டு’ என்று எவரும் கூறார். அதனால் ‘பரவாயில்லை’ என்பதே இசைவாகிறது. ‘இல்லை’ என்று மட்டும் கூறினால் வினவியவர் திகைப்பார். ஆங்கிலத்தில் எதிர்மறை தனித்து நின்று இசைவாக, தமிழில் எதிர்மறை சொல்லினுள்ளே உறைந்து இசைவாகிறது.

சப்பானியர் வினவும் ‘சுவத்தெ மொ ஈ தெசு க’ என்பதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அமர்ந்தாலும் நன்றா?’ என வரும். தமிழின் உம்மை போன்ற ‘மொ’ அதில் உள்ளது. அமர்தலால் ஓரளவு இடையூறு உண்டு என்பதை வினவுவோன் முன்னரே ஒப்புக்கொள்கிறான். அவ்வளவு இருந்தும் நன்றா என்பதே அவன் வினா. தமிழ் இவ்விடத்தில் உம்மையை விரும்புவதில்லை. ‘உட்கார்ந்தால்’ என்றே நிறுத்துகிறது. ‘உட்கார்ந்தாலும் பரவாயில்லையா?’ என்றால், நிற்றல் முதலிய வேறு செயல்களும் ஒப்பிடப்படுவதாகப் பொருள் படும். உறுப்புகள் ஒத்திருந்தும் பயன் ஒவ்வாமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

6. உரிமையும் மென்மையும்

மென்மை என்பது வடிவத்தில் மட்டும் அமைவதன்று. ‘அண்ணே’, ‘அம்மா’, ‘ஐயா’ என்னும் விளியும், ‘கொஞ்சம்’, ‘சற்று’ என்னும் அடையும், குரலின் இறக்கமும் சேர்ந்தே அதனை உண்டாக்குகின்றன. ‘ஆள் வருதா?’ என்பதனையும் அதட்டிக் கேட்க இயலும். ஆயினும், விளியும் அடையும் ஓர் உறவைச் சேர்ப்பனவே அன்றி, இடம் யாருடையது என்னும் கருத்தை மாற்றுவன அல்ல. அதனை வினைவடிவமே தீர்மானிக்கிறது.

இதில் சமூக வரலாறு ஒன்றும் அடங்கியுள்ளது. பெரியவர் எனப்பட்டோர் முன் அமர்தலே தகாது என்று பலர் விலக்கப்பட்டிருந்த காலத்தில், அவர்களிடையே ‘அமரலாமா?’ என்னும் வினாவுக்கே இடமில்லை. அமரச் சொன்னாலும் நின்றே பேசியவர் பலர். தகுதியை வினவும் வடிவம், தகுதியை முடிவு செய்வோர் இன்னார் என்பதை ஏற்றுக்கொண்டே எழுகிறது. ‘இங்க ஆள் வருதா?’ என்பதோ வருபவர் யார், இருப்பவர் யார் என்று நோக்காது, இடம் ஒழிந்துள்ளதா என்று மட்டும் நோக்குகிறது. பயணச் சீட்டின் விலை ஒன்றாகவும் இருக்கை பொதுவாகவும் அமைந்த ஊர்திக்கு ஏற்ற வினா அது. அதனைக் கொச்சை வழக்கு எனத் தள்ளி, ‘அமரலாமா?’ என்பதே நாகரிகம் எனப் பாடநூலில் மாணவர்க்குக் கற்பிப்பது, சமமான இருவருள் ஒருவரை வேண்டி நிற்பவராக ஆக்குவதாகும்.

ஆதலின், பேச்சு வழக்கைத் தொகுக்கும் மாணவர் இவ்வினாக்களைத் தனித்து எழுதிக்கொள்ளாது, விடையோடும், இடத்தோடும், வினவியவர் ஏற்கெனவே அமரத் தொடங்கினாரா, நின்றே இருந்தாரா என்னும் குறிப்போடும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். ‘அமரலாமா’, ‘அமரட்டுமா’, ‘ஆள் வருதா’ என்னும் மூன்றும் அகராதியில் ஒரு பொருளனவாகவே தோன்றும். விதியை அறிந்தவர், இடத்துக்கு உரியவர், முன் வந்து அமர்ந்தவர் என்னும் மூவருள் எவரை நோக்கி அவை எழுந்தன என்பதை விடையே காட்டும்.